சிங்கப்பூர்ல இருந்து வந்த கேம் கேசட்டும் எமுலேட்டரும்: எது வரைக்கும் போகலாம்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கண்டனூர்ப் பக்கம் பெரிய வீடுகள்ல சாமான் ஒதுக்கும்போது இப்பல்லாம் பித்தளை அண்டா, எனாமல் பாத்திரத்தோட இன்னொண்ணும் சேந்து வெளிய வருது. தொண்ணூறுகள்ல, ரெண்டாயிரம் ஆரம்பத்துல சிங்கப்பூர், பினாங்கு, கோலாலம்பூர்ல இருந்து லீவுக்கு வந்தவங்க பிள்ளைங்களுக்கு வாங்கிட்டு வந்த கேம் பாய்ங்குற நிண்டெண்டோ கம்பெனியோட கையடக்க கேம் மெஷின், அதோட கேசட். பெரியவங்களுக்கு அது உடைஞ்ச பொம்மை, ஆனா அதுல விளையாண்ட பையனுக்கு இப்ப நாப்பது வயசு நெருங்குது, அவன் எடுத்துப் பாத்ததும் கேக்குற மொத கேள்வி "இது இன்னும் ஓடுமா", ரெண்டாவது கேள்வி "இதை என் போன்ல போட்டுக்கலாமா, அது தப்பா". இந்த ரெண்டு கேள்விக்கும் ஒரே ஒரு கேசட்டை வச்சு பதில் சொல்றேன். பழைய மெஷினோட கேமை போன்லயோ கம்ப்யூட்டர்லயோ ஓட்டுற எமுலேஷனைப் பத்திப் பொதுவாப் பேசுனா எல்லாம் குழம்பிடும், ஒரு கேசட்டைக் கையில எடுத்துட்டு ஒவ்வொரு படியாப் போனா எந்தப் படி சரி, எந்தப் படியில சட்டம் குறுக்க வருதுன்னு தெளிவாத் தெரியும்.

கேசட் தேவகோட்டைல என் அம்மான் மகனோடது. போகிமான் ரெட், சிவப்பு பிளாஸ்டிக், இங்கிலீஷ் பதிப்பு. அவருக்கு கேமை விட, ஆட்டம் எது வரைக்கும் போச்சுன்னு உள்ள பதிஞ்சிருந்த சேவ்தான் வேணும், சின்ன வயசுல அவரும் அவர் தங்கச்சியும் மாத்தி மாத்தி விளையாண்ட சேவ் அது.

மொதல்ல கேசட்டுக்குள்ள என்ன இருக்குன்னு பாத்துரலாம், ஏன்னா மிச்சம் எல்லாமே அதுல இருந்துதான் வருது. உள்ள ஒரு சின்ன போர்டு. அதுல ரோம் சிப் ஒண்ணு, ஃபேக்டரிலயே கேமை எழுதி அனுப்பிருப்பாங்க, அதை மாத்த முடியாது, அதுக்குக் கரண்டும் வேணாம், ரொம்ப காலம் அப்படியே இருக்கும். போகிமான் ரெட்டுக்கு அந்த ரோம் 1 எம்பி. பக்கத்துல 32 கேபி அளவுல ஒரு ராம் சிப், உங்க சேவ் இருக்குறது இதுலதான். இந்த ராம் கரண்டு போனா மறந்துரும், அதுக்காகவே நாணயம் மாதிரி ஒரு லித்தியம் பேட்டரி போர்டுலயே பத்தவச்சிருக்கும், இத்தனை வருஷமா பீரோவுக்குள்ள கிடந்தாலும் அந்தப் பேட்டரி சொட்டுச் சொட்டா கரண்டு குடுத்து சேவைக் காப்பாத்திட்டு இருக்கு. பேட்டரி தீந்த அன்னைக்கு கேம் ஓடும், சேவ் மட்டும் இருக்காது. ஆன் பண்ணுனா தொடர்றதுக்கான CONTINUE வரி வராம NEW GAME மட்டும் வந்தா கதை முடிஞ்சதுன்னு அர்த்தம்.

நாலாவதா ஒரு கண்ட்ரோலர் சிப் இருக்கு. கேம் பாயோட பிராசசர் கேசட் ரோம்ல ஒரு நேரத்துல 32 கேபிதான் பாக்க முடியும், கேமோ 1 எம்பி. அதனால மொத 16 கேபி எப்பவும் கண்ணுக்குத் தெரியுற மாதிரியும், அடுத்த 16 கேபி இடத்துல மட்டும் எந்தத் துண்டு வேணுமோ அதைக் கொண்டுவந்து காட்டுற மாதிரியும் இந்த சிப் மாத்தி மாத்திக் குடுக்கும். மொத்தம் 64 துண்டு, இதுக்கு பேங்க்னு பேரு. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, கேசட்ல இருக்குறதை ஃபைலா எடுக்கும்போது திரும்ப வரும்.

சரி, எமுலேட்டர் என்ன பண்ணுது? கேம் பாய்ங்கிற அந்த மெஷின் செய்யுற வேலைய ஒண்ணு விடாம செய்யுற ஒரு புரோகிராம், அவ்வளவுதான். கேமோட கோடு கேம் பாய் பிராசசருக்குப் புரியுற மொழில இருக்கு, உங்க போன்ல இருக்குற பிராசசருக்கு அது புரியாது. எமுலேட்டர் நடுவுல உக்காந்து ஒவ்வொரு பைட்டா எடுத்து "இது வந்தா அந்த மெஷின் என்ன பண்ணிருக்கும்"னு பாத்து அதையே பண்ணும். உதாரணத்துக்கு 3E-ன்னு ஒரு பைட் வந்தா, அடுத்து வர்ற எண்ணை பிராசசருக்குள்ள எண் வச்சுக்குற ஏ-ங்குற ரிஜிஸ்டர்ல போடுன்னு அர்த்தம், எமுலேட்டர் தன்னோட ஏ-ங்குற வேரியபிள்ல அதைப் போட்டுரும். எலும்புக்கூடு இவ்வளவுதான்:

```
while True:
    op = mem[pc]
    pc += 1
    cycles = execute(op)
    timer(cycles)
    screen(cycles)
    sound(cycles)
```

கஷ்டம் எங்கன்னா அந்த cycles-ங்குற துடிப்புக் கணக்குலதான். கேம் பாயோட கடிகாரம் செகண்டுக்கு 41,94,304 தடவை துடிக்கும், ஒரு முழு ஸ்கிரீனை வரைய 70,224 துடிப்பு, அதை வகுத்துப் பாத்தா செகண்டுக்கு கிட்டத்தட்ட 59.7 ஸ்கிரீன் வரும். ஸ்கிரீனை மேல இருந்து கீழ வரி வரியாத்தான் அது வரையும், அப்ப கேம் எழுதுனவங்க ஒரு தந்திரம் பண்ணுவாங்க, பாதி ஸ்கிரீன் வரைஞ்ச நேரம் பாத்து நடுவுல படத்தை நகத்திருவாங்க, அதனாலதான் கீழ ஸ்கோர் பட்டை அசையாம நிக்க மேல ரோடு மட்டும் ஓடும். எமுலேட்டரோட கணக்கு சில துடிப்பு தள்ளிப்போச்சுன்னா அந்தப் பட்டை நடுங்கும், இல்லன்னா ஒரு வரி கிழிஞ்ச மாதிரி தெரியும், சவுண்டு கரகரன்னு வரும். எமுலேட்டர் சரியில்லன்னு இதை வச்சே கண்டுபிடிக்கலாம். இந்தக் கணக்கெல்லாம் யாரும் கேம் பாய் தயாரிச்ச கம்பெனிகிட்ட வாங்கலை. பல வருஷமா பல பேர் உண்மையான மெஷின்ல சின்னச் சின்ன டெஸ்ட் புரோகிராம் ஓட்டி, வந்த விடைய எழுதிவச்சு, அதே விடை தன்னோட எமுலேட்டர்லயும் வருதான்னு பாத்துப் பாத்துக் கட்டுனது. இலவசமாக் கிடைக்குற `mGBA`, `SameBoy` ரெண்டும் இப்படி வந்ததுதான். சட்டம் பேசும்போது இந்த விஷயம் முக்கியமாகும்.

இப்ப கேசட்டுக்கு வருவோம். எமுலேட்டருக்கு கேசட்ட சொருக எடம் இல்ல, அது ஃபைலைத்தான் படிக்கும், அதனால ரோம்ல இருக்குறத ஃபைலா எடுக்கணும், இதுக்குத்தான் டம்ப்னு பேரு. யூஎஸ்பில கம்ப்யூட்டரோட சேருற சின்ன ரீடர் போர்டு விக்குது, `GBxCart RW`ன்னு ஒண்ணு பரவலா இருக்கு, அதுக்கு `FlashGBX`ங்குற இலவச சாஃப்ட்வேர். கேசட்டை ரீடர்ல சொருகி ரோமைப் படிக்கச் சொன்னா, கண்ட்ரோலர் சிப்புக்கு "பேங்க் 1 காட்டு, பேங்க் 2 காட்டு"ன்னு 63 வரைக்கும் வரிசையாச் சொல்லிச் சொல்லி எல்லாத்தையும் எடுத்து ஒரே ஃபைலா ஒட்டிரும்.

ஆனா எடுத்த எடுப்புல ரோமை எடுக்காதீங்க, மொதல்ல சேவ். கேசட்டை கன்சோல்ல போட்டு விளையாண்டும் பாக்காதீங்க, வீட்டுப் பிள்ளை யாராவது ஆசையா புது கேம் ஆரம்பிச்சு சேவ் பண்ணிட்டா பழைய சேவ் மேலயே எழுதிரும், அந்த கேம்ல ஒரே ஒரு சேவ் இடம்தான். பேட்டரி பழசு, மாத்திட்டு அப்புறம் பாக்கலாம்னு கழட்டவும் கூடாது, கழட்டுன நிமிஷம் ராமுக்குக் கரண்டு போயிரும், அதோட எல்லாம் போச்சு. மொதல்ல சேவ் ஃபைல், ரெண்டு தடவை படிச்சு ரெண்டும் ஒண்ணான்னு பாக்கணும், சரியா 32,768 பைட் இருக்கணும், அதுக்கப்புறம் ரோம், அதுக்கப்புறம்தான் பேட்டரி.

தேவகோட்டை கேசட் மொத தடவை ரீடர்ல எதுவும் சரியா வரலை, கேமோட பேரே ஏதோ குப்பை எழுத்தா வந்துச்சு. கன்சோல்ல போட்டுருந்தா மேல இருந்து இறங்கி வர்ற Nintendo எழுத்துக்குப் பதிலா கறுப்புக் கட்டையோ கசமுசா கட்டமோ வந்து அப்படியே நின்னுருக்கும், அதுவும் இதே நோய்தான். காரணம் பெரும்பாலும் கேசட் வாயில இருக்குற தங்க நிறப் பட்டைல படிஞ்ச அழுக்கு, நம்ம ஊரு செம்மண் தூசி வேற. எல்லாரும் வாய வச்சு ஊதுவாங்க, ஊதுனா எச்சில் ஈரம் போய் இன்னும் கறுக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை காது குடையுற பஞ்சுல தொட்டுத் தேச்சு, காயவிட்டு, திரும்ப சொருகணும். பஞ்சு கறுப்பாகுறது நின்னதும் பேரு ஒழுங்கா வந்துருச்சு.

அந்த Nintendo எழுத்துல ஒரு விஷயம் இருக்கு. அது மெஷினுக்குள்ள இருந்து மட்டும் வர்றதில்ல, ஒவ்வொரு கேசட்லயும் அந்த லோகோவோட படம் எழுதிருக்கும். ஆன் பண்ணுனதும் மெஷினுக்குள்ள இருக்குற 256 பைட் அளவு குட்டி புரோகிராம் கேசட்ல இருக்குற லோகோவையும் தன்கிட்ட இருக்குறதையும் ஒப்பிடும், ஒரு பைட் மாறுனாலும் அங்கயே நின்னுரும். பழுதான கேசட்டைக் கண்டுபிடிக்க அது உதவும், கூடவே அனுமதி இல்லாம கேசட் போடுறவன் அந்த லோகோவைக் காப்பி அடிச்சாத்தான் ஓடும்ங்குற நிலமையையும் அது உண்டாக்குச்சு, அடிச்சா டிரேட்மார்க் கேஸ் போடலாம். கேம் பாயில பூட்டுன்னு இருந்தது இது ஒண்ணுதான், என்கிரிப்ஷன் எதுவும் கிடையாது.

டம்ப் சரியா வந்துச்சான்னு எப்படி நம்புறது? கேசட்லயே ஒரு சோதனை எண் இருக்கு. பேரு, அளவு எழுதுன தலைப்புப் பகுதியோட பைட்களைக் கழிச்சுக்கிட்டே வந்தா கடைசில ஒரு எண் வரும், அது கேசட் சொல்ற எண்ணோட ஒத்துப்போகணும்:

```
rom = open("red.gb", "rb").read()
x = 0
for i in range(0x134, 0x14D):
    x = (x - rom[i] - 1) & 0xFF
print(len(rom), x == rom[0x14D])
```

`1048576 True`ன்னு வந்தா அளவும் தலைப்பும் சரி. ஆனா இது தலைப்பை மட்டும்தான் பாக்கும், நடுவுல ஒரு பேங்க் தப்பாப் படிச்சிருந்தா இதுக்குத் தெரியாது. அதுக்கு ஃபைல் முழுசையும் வச்சுக் கணக்குப் போடுற ஹாஷ்ங்குற அடையாள எண்ணை எடுக்கணும். விண்டோஸ்ல:

```
certutil -hashfile red.gb SHA1
```

போகிமான் ரெட் இங்கிலீஷ் பதிப்புக்கு வரவேண்டியது இது:

```
ea9bcae617fdf159b045185467ae58b2e4a48b9a
```

1 எம்பில ஒரே ஒரு பிட் மாறிருந்தாலும் இந்த எண் மொத்தமா வேறயா வரும். உலகத்துல பல மூலைல இருக்குறவங்க தங்கள் கையில இருக்குற கேசட்டை டம்ப் பண்ணி வர்ற ஹாஷைப் பதிவு பண்ணிவைக்குறாங்க, கேசட்டுக்கு `No-Intro`, சிடி கேமுக்கு `Redump`னு ரெண்டு பட்டியல் இருக்கு. பட்டியல்ல இருக்குறது ஹாஷும் அளவும் பேரும்தான். என்னைக் கேட்டா பழைய கேமைக் காப்பாத்துற ரெட்ரோ பாதுகாப்புல ரொம்ப மதிக்க வேண்டிய வேலை இதுதான், ஏன்னா கேமைக் கொடுக்காமலேயே "உன் கையில இருக்குறது அசல்தான்"னு சொல்ல முடியுது.

அதே டப்பால இன்னொரு கேசட்டும் இருந்துச்சு, அது ஹாஷ் ஒத்துவரவே இல்ல, ரெண்டு மூணு தடவை எடுத்தும் ஒரே ஹாஷ்தான் வந்துச்சு, ஆனா பட்டியல்ல அது இல்ல. ஒவ்வொரு தடவையும் வேற வேற ஹாஷ் வந்தா அழுக்கு, ஒரே தப்பான ஹாஷ் திரும்பத் திரும்ப வந்தா கேசட்டே டூப்ளிகேட்டா இருக்க வாய்ப்பு அதிகம். திறந்து பாத்தா போர்டுல Nintendo-ன்னு அச்சு இல்ல, சிப்புக்குப் பதிலா கறுப்புத் தார் சொட்டு விட்ட மாதிரி ஒரு உருண்டை, பேட்டரியே கிடையாது. விலை குடுத்து வாங்குனவங்களுக்கு அது டூப்ளிகேட்னு தெரிஞ்சிருக்காது பாவம்.

ரெட்டோட பேட்டரிக்கு வர்றேன். கேசட்டைப் பொறுத்து சிஆர் 1616 அல்லது சிஆர் 2025 இருக்கும், திறந்து மேல எழுதிருக்குறதைப் பாத்து அதையே வாங்கணும், அதுவும் ரெண்டு பக்கமும் தகடு ஒட்டி வர்றதா வாங்கணும். வெறும் பேட்டரி மேல நேரா பத்தவச்சா சூட்டுல வெடிக்கலாம், ரேடியோ டிவி ரிப்பேர் பண்ற யாருகிட்டயாவது குடுக்குறது நல்லது. மாத்துனதும் ராம் காலியா இருக்கும், முன்னாடி எடுத்து வச்ச சேவ் ஃபைலை அதே ரீடர் வழியாத் திரும்ப எழுதிட்டா பழைய ஆட்டம் அப்படியே வந்துரும். என் அம்மான் மகனுக்கு CONTINUE வந்துச்சு, அவர் தங்கச்சி வச்ச பேர்லயே.

இதுவரைக்கும் பண்ணுனதெல்லாம் சட்டப்படி எங்க நிக்குது? நம்ம நாட்டுல 1957 காப்புரிமைச் சட்டம்தான் இதுக்கு. அதுல 52-வது பிரிவு எதெல்லாம் மீறல் ஆகாதுன்னு சொல்லுது, கம்ப்யூட்டர் புரோகிராமுக்குன்னே அங்க சில வரி இருக்கு. முறையா ஒரு பிரதிய வச்சிருக்குறவர், அது தொலைஞ்சோ கெட்டோ போயிரக்கூடாதுன்னு பேக்கப் எடுத்துக்கலாம். முறைப்படி வாங்குன பிரதில இருந்து, வியாபாரம் இல்லாம சொந்த உபயோகத்துக்குக் காப்பி எடுத்துக்கலாம். ஒரு புரோகிராம் எப்படி வேலை செய்யுதுன்னு கவனிச்சு, படிச்சு, சோதிச்சுப் பாக்கலாம். சொந்தக் கேசட்டை சொந்தக் கம்ப்யூட்டர்ல எடுத்து வச்சு நீங்களே விளையாடுறதுக்கு இதுல நல்லாவே இடம் இருக்கு. கேம்னா புரோகிராம் மட்டும் இல்ல, படம், இசை, கதைன்னு தனித்தனி உரிமை உள்ளதெல்லாம் அதுக்குள்ள இருக்கு, அதனால இந்த விலக்கை எவ்வளவு தூரம் நீட்டலாம்னு வக்கீல்கள் வாதாட இடம் உண்டு, அதையும் மறைக்காம சொல்லிடுறேன்.

ஆனா பாருங்க, விலக்கு எல்லாமே ஒரு விஷயத்துல தொங்குது: அசல் பிரதி முறையா உங்க கையில இருக்கணும், காப்பி உங்க உபயோகத்துக்கு இருக்கணும். இந்த ரெண்டுல ஒண்ணை எடுத்துட்டா கீழ நிக்குறதுக்குத் தரை இல்ல. நெட்ல இருந்து அதே ஹாஷ் உள்ள அதே ஃபைலை இறக்குனா, பைட்டுக்குப் பைட் ஒண்ணாவே இருந்தாலும், அது உங்க கேசட்ல இருந்து எடுத்த காப்பி இல்ல, அனுமதி இல்லாம ஒருத்தர் பரப்புன காப்பி. "24 மணி நேரத்துல டெலீட் பண்ணிட்டா குத்தம் இல்ல"ன்னு பழைய சைட்ல எல்லாம் போட்டுருப்பாங்க, அப்படி எந்த நாட்டுச் சட்டத்துலயும் கிடையாது, யாரோ கிளப்பிவிட்டது. "ரொம்பப் பழசுப்பா, இப்ப யாரும் கேக்க மாட்டாங்க"ங்குறதும் அதே ரகம். இந்தியால காப்புரிமைக் காலம் எப்படிக் கணக்குப் போட்டாலும் 60 வருஷத்துக்குக் குறையாது, கேம் பாய் வந்ததே 1989-ல. தெரிஞ்சே கள்ளப் பிரதியைக் கம்ப்யூட்டர்ல ஓட்டுறதுக்கு 63-பி-ன்னு தனிப் பிரிவே இருக்கு, 7 நாள்ல இருந்து 3 வருஷம் வரை ஜெயில், 50,000 ரூபாய்ல இருந்து 2 லட்சம் வரை அபராதம். லாபத்துக்காகவோ வியாபாரத்துக்காகவோ பண்ணலைன்னா ஜெயில் இல்லாம 50,000 வரைக்கும் அபராதத்தோட விட கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கு.

கேசட்டை வித்துட்டா? இதை யாரும் யோசிக்குறதில்ல. டம்ப் எடுத்து வச்சுக்கிட்டு கேசட்டை நல்ல விலைக்கு வித்தா, அசல் இப்ப வாங்குனவர்கிட்ட, பேக்கப் வச்சுக்குற நியாயமும் அதோடயே போயிருது. ரோம் ஃபைலை அழிச்சுடணும். சேவ் ஃபைல் வேற விஷயம், அதுல இருக்குறது நீங்க விளையாண்ட கணக்கு, கம்பெனியோட புரோகிராம் அதுல இல்ல.

எமுலேட்டர் பக்கம் போனா, அதுவே சட்டவிரோதம்னு நினைக்குறவங்க நிறைய. அமெரிக்கால இது கோர்ட்ல நல்லாவே அலசப்பட்டிருக்கு. கனெக்டிக்ஸ்னு ஒரு கம்பெனி பிளேஸ்டேஷன் கேமை கம்ப்யூட்டர்ல ஓட்டுற புரோகிராமை வித்துச்சு, சோனி கேஸ் போட்டுச்சு. கனெக்டிக்ஸ் ஆளுங்க பிளேஸ்டேஷனுக்குள்ள மெஷினைக் கிளப்பிவிடுற பயாஸ் புரோகிராமைக் காப்பி எடுத்து, அது என்ன பண்ணுதுன்னு படிச்சாங்க, ஆனா வெளிய வித்த பொருள்ல சோனியோட கோடு இல்ல, தாங்களே எழுதுனதுதான் இருந்துச்சு. படிக்குறதுக்காக எடுத்த அந்த இடைக்காலக் காப்பி நியாயமான பயன்பாடுதான்னு 2000-ல அப்பீல் கோர்ட் சொல்லிருச்சு. அமெரிக்கத் தீர்ப்பு நம்ம கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது, ஆனா எல்லைக்கோடு எங்க விழுதுன்னு அது அழகாக் காட்டுது: மெஷின் என்ன பண்ணுதுன்னு தெரிஞ்சுக்கிட்டு நீங்களே எழுதலாம், அவங்க எழுதுனதை அப்படியே எடுத்து உங்க பெட்டில போடக்கூடாது. அதனாலதான் `SameBoy` அந்த 256 பைட் ஸ்டார்ட்டிங் புரோகிராமைக்கூட சொந்தமா எழுதி வச்சிருக்கு. பிளேஸ்டேஷன் எமுலேட்டரைப் போட்டதும் பயாஸ் ஃபைல் கேக்கும், கூடவே குடுக்காது, ஏன்னு இப்ப புரியும்.

இன்னொரு எல்லைக்கோடு பூட்டுல இருக்கு. யூசூன்னு ஒரு எமுலேட்டர், நிண்டெண்டோ ஸ்விட்ச் கேமை ஓட்டுச்சு. ஸ்விட்ச் கேம் எல்லாம் என்கிரிப்ட் ஆனது, சாவி இல்லாம படிக்க முடியாது. 2023 மே மாசம் ஒரு பெரிய செல்டா கேம் ரிலீஸுக்கு முன்னாடியே லீக் ஆச்சு, 10 லட்சம் தடவைக்கு மேல இறக்கிட்டாங்கன்னு நிண்டெண்டோ சொல்லி, 2024 பிப்ரவரி கடைசில கேஸ் போட்டுச்சு. அவங்க வாதமே பூட்டை உடைக்குறதைத் தடுக்குற அமெரிக்கச் சட்டத்து மேலதான் நின்னுச்சு. ஒரே வாரத்துல யூசூக்காரங்க 24 லட்சம் டாலர் குடுக்க ஒத்துக்கிட்டு மூடிட்டாங்க. சமரசம்ங்கறதால எமுலேட்டரே குத்தம்னு கோர்ட் தீர்ப்பு ஒண்ணும் வரலை, ஆனா கடைல இன்னைக்கு விக்குற கேமை, பூட்டை உடைச்சு, ரிலீஸுக்கு முன்னாடி ஓட்டுறதுக்கு வழி பண்ணுற இடத்துல நின்னா யாரும் காப்பாத்த மாட்டாங்கன்னு தெரிஞ்சுபோச்சு. நம்ம சட்டத்துலயும் 2012-ல 65-ஏ-ன்னு சேத்தாங்க, உரிமையை மீறுற நோக்கத்தோட பூட்டை உடைச்சா 2 வருஷம் வரை ஜெயில். கேம் பாய் கேசட்ல உடைக்க என்கிரிப்ஷனே இல்லாததால அம்மான் மகன் கேசட்டுக்கு இந்தக் கவலை வரலை, அதே வேலையை ஸ்விட்ச் கேசட்ல பண்ணப்போனா நிலம வேற.

சட்டம் சொல்றதும் நியாயம் சொல்றதும் எப்பவும் ஒண்ணா வராதுங்குறதையும் பேசணும். போகிமான் ரெட்டை 2016-ல நிண்டெண்டோவே த்ரீ-டிஎஸ் மெஷினுக்கு ஆன்லைன்ல வித்துச்சு, 2023 மார்ச் 27-ல அந்தக் கடைல விற்பனைய மூடுனதோட அந்த வழி அடைஞ்சுது. அந்தக் கடைல மட்டுமே வந்த, கேசட்டே இல்லாத கேமுங்க நிறைய, அதுக்கெல்லாம் வாங்குறதுக்கு முறையான வழியே இல்லாமப் போச்சு. 2010-க்கு முன்னாடி அமெரிக்கால வந்த பழைய கேம்கள்ல 87 சதவீதம் இப்ப கடைல கிடைக்குறதில்லன்னு 2023-ல வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் ஒரு ஆய்வுல சொன்னாங்க. லைப்ரரிகள் ஆராய்ச்சிக்காரங்களுக்கு இந்த கேம்களை தூரத்துல இருந்து பாக்கக் குடுக்கலாமான்னு கேட்டதுக்கு 2024 அக்டோபர்ல அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் அனுமதி மறுத்துருச்சு. இது தப்பான முடிவுன்னு நான் நினைக்கிறேன். விக்கவும் மாட்டேன், படிக்குறவனுக்குக் காட்டவும் விடமாட்டேன்னா அந்த கேம் என்ன ஆகுறது?

நம்ம ஊர்க்காரங்களுக்கு இது புதுசா விளங்கவைக்க வேண்டிய விஷயம் இல்ல. கோட்டையூர்ல ரோஜா முத்தையா செட்டியார் மத்தவங்க எடைக்குப் போடுற பழைய புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், அழைப்பிதழ்னு சேத்து வச்சார், அவர் 1992-ல காலமானதும் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, சென்னைல லைப்ரரியா வச்சு மைக்ரோஃபிலிம் எடுத்ததாலதான் இன்னைக்கு ஆராய்ச்சி பண்றவங்களுக்கு அது கிடைக்குது. பாதுகாக்குறதுன்னா இதுதான் வரிசை: அசலை வச்சுக்கணும், அதைப் பத்தி எழுதி வைக்கணும், நம்பிக்கையான பிரதி எடுக்கணும், கேக்குறவங்களுக்கு முறையாக் காட்டணும். ஆயிரக்கணக்குல கேமைக் கொட்டி மெமரி கார்டுல ஏத்தி வர்ற கையடக்க மெஷின் ஆன்லைன்ல விக்குதே, அதுல இதுல ஒண்ணும் கிடையாது, அடுத்தவன் உழைப்பை மொத்தமா அள்ளி விக்குறது மட்டும்தான், அதை ரெட்ரோ பாதுகாப்புன்னு சொல்லி விக்குறவங்க மேல எனக்குக் கோபம் வரும்.

கடைசியா ஒரு சிக்கலான இடம். சிங்கப்பூர் சாமான் வராத நம்மள்ல பல பேரு விளையாண்டது டிவி கேம்தான், மஞ்சள் கேசட், மேல "9999 இன் 1"ன்னு போட்டுருக்கும், உள்ள ஒரு சில கேமே திரும்பத் திரும்ப வேற வேற பேர்ல வரும். அதுல இருந்தது பெரும்பாலும் அனுமதி இல்லாம எடுத்த காப்பி. காசு குடுத்துத்தான் வாங்குனோம்னாலும் முறையான பிரதிங்கற நிபந்தனைல அது நிக்காது, அதனால பேக்கப் விலக்கை அதுக்குக் கேக்க முடியாது. ஆனா தமிழ்நாட்டுல ஒரு தலைமுறை என்ன விளையாண்டுச்சுங்கறதுக்குச் சாட்சி அந்தக் கேசட்தான், எந்த கேமை எப்படி மாத்தி, என்ன பேர் குடுத்து வித்தாங்கங்குறது அதுல மட்டும்தான் இருக்கு. இப்போதைக்கு எந்தச் சந்தேகமும் இல்லாம செய்யக்கூடியது நிறைய இருக்கு: லேபிள், அட்டைப்பெட்டி, பில்லு இருந்தா பில்லு, திறந்து ரெண்டு பக்கமும் போர்டு, எல்லாத்தையும் வெளிச்சத்துல தெளிவா போட்டோ எடுங்க, எந்த வருஷம், எந்த ஊர்க் கடைல, என்ன விலைக்கு வாங்குனதுன்னு வீட்டுல கேட்டு எழுதுங்க, மெனுல வர்ற பேரையெல்லாம் வரிசையா எழுதி வைங்க. கேசட்டை ஈரம் ஏறாத டப்பால போட்டு, மச்சு அறை சூட்டுல வைக்காம கீழ வைங்க, எழுதுன தாளையும் அதுக்குள்ளயே போட்டு மூடுங்க.